தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

டிசம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், சாயங்காலம் என் அத்தை மகன் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ராயபுரத்தில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டான். சரக்குக் கப்பலில் அவனுக்கு செகண்ட் ஆபீசர் வேலை. கப்பல் போகும் பாதையை வரைபடத்தில் போட்டுக் கொடுப்பது அந்தப் பதவிக்காரரின் பொறுப்பு. "ஆறு மணிக்குக் கிளம்புதோம்மா. வியாழக்கிழமை காலையில ஏழே முக்காலுக்கு மெட்ராஸ்" என்றான்.

அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏல, ராத்திரி பஸ்ல ஏறினா விடியக்காலம் வந்து எறங்குற ஊரு. உன் கப்பலுக்கு மூணு ராத்திரியா?"

கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்லத் தேவைப்படும் கணக்கோ ஐந்தாம் வகுப்புக் கணக்கு: தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். ஆனால் எந்தத் தூரம், எந்த வேகம் என்று கேட்கத் தொடங்கினால் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் குணத்தைக் காட்டும்.

முதலில் தூரம். கடலில் கிலோமீட்டர் செல்லாது, கடல் மைல்தான். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். 1929இல் மொனாக்கோவில் கூடிய சர்வதேச நீர்ப்பரப்பு மாநாட்டில் இந்த எண்ணை முடிவு செய்தார்கள். பார்த்தால் வேண்டாத எண்ணாகத் தெரியும். 2,000 என்று வைத்திருந்தால் நமக்கும் சுலபம் என்று தோன்றும். ஆனால் அது பூமியை அளந்து எடுத்த எண். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் குறுக்கே ஓடும் அட்சரேகைகளை நினைத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை 90 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 மினிட். இந்த மினிட் கடிகாரத்து நிமிடம் இல்லை, கோணத்தின் அளவு. வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ ஒரு மினிட் நகர்ந்தால், கடந்த தூரம் ஒரு கடல் மைல். பூமி சரியான உருண்டை இல்லை என்பதால் நிலநடுக்கோட்டருகே அந்த மினிட் 1,843 மீட்டர், துருவத்தருகே 1,862 மீட்டர். நடுவே ஒரு சராசரியைப் பிடித்ததுதான் 1,852.

இதனால் மாலுமிக்குக் கிடைக்கும் வசதி பெரியது. கடல் வரைபடத்தின் இடது, வலது ஓரங்களில் அட்சரேகை அளவு அச்சாகியிருக்கும். அதுவே அவருடைய அடிக்கோல். ஜாமெட்ரி பெட்டியில் இரண்டு பக்கமும் முள் வைத்த டிவைடர் ஒன்று இருக்குமே, அதை வரைபடத்தில் இரு இடங்களுக்கு நடுவே விரித்து, விரித்தபடியே ஓரத்து அளவில் கொண்டுபோய் வைத்தால் எத்தனை மினிட்டோ அத்தனை கடல் மைல். ஓர் எச்சரிக்கை மட்டும்: வரைபடத்தின் மேலும் கீழும் இருக்கும் தீர்க்கரேகை அளவில் வைத்துவிடக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. சென்னையின் அட்சத்தில் தீர்க்கரேகையின் ஒரு மினிட் 0.97 கடல் மைல், தப்பு பெரிதாகத் தெரியாது. லண்டனின் அட்சத்தில் அதே மினிட் 0.62 கடல் மைலாகச் சுருங்கிவிடும்.

இனி தூத்துக்குடிக்கு வருவோம். துறைமுகம் ஏறக்குறைய வடக்கு அட்சம் 8 டிகிரி 45 மினிட்டில் இருக்கிறது. சென்னைத் துறைமுகம் 13 டிகிரி 6 மினிட். இரண்டுக்கும் வடக்குத் தெற்காக 261 கடல் மைல். கிழக்கு மேற்கு விலகலையும் சேர்த்து நேர்கோடு போட்டால் 290 கடல் மைலுக்குள் அடங்கிவிடும். அந்தக் கோட்டின் மேல் கப்பல் போக முடிந்தால் 24 மணி நேரத்தில் சென்னை. ஆனால் அந்தக் கோட்டின் பெரும்பகுதி தரை மேலே போகிறது. கடலோரமாகவே வளைந்து போகலாம் என்றால் ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் மணல்திட்டுகள், பல இடங்களில் ஆழம் ஆளுயரத்துக்குத்தான். பாம்பன் பாலத்துக்குக் கீழே சின்னக் கலங்கள் மட்டும் நுழைந்து போகலாம். பத்து மீட்டர் ஆழம் கேட்கும் சரக்குக் கப்பலுக்கு அங்கே வழியில்லை. ஆகவே இந்தியாவின் ஒரு கரையிலிருந்து அதே கரையில் இருக்கும் இன்னோர் ஊருக்குப் போக இலங்கையை முழுதாகச் சுற்ற வேண்டும்.

அந்தச் சுற்றை நானும் ஒருநாள் வரைபடத்தை விரித்து அளந்து பார்த்தேன். முதல் கோடு தூத்துக்குடியிலிருந்து தென்கிழக்காக, கொழும்புக்குச் சற்று மேற்கே 7 டிகிரி அட்சத்தில் இருக்கும் ஒரு புள்ளிக்கு. 8 டிகிரி 45 மினிட்டிலிருந்து 7 டிகிரிக்கு இறங்கினால் 105 மினிட், எனவே தெற்கு நோக்கி 105 கடல் மைல். தீர்க்கரேகையில் 81 மினிட் கிழக்கே போக வேண்டும், அதை 0.99ஆல் பெருக்கினால் 80 கடல் மைல். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கம் 105, 80 என்றால் சாய்வுப் பக்கம் 132. டிவைடரை வைத்துப் பார்த்தாலும் அதுவேதான் வருகிறது.

அங்கிருந்து இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனை வரை 97. அந்த முனைக்கு வெளியேதான் ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஓடும் கப்பல்களெல்லாம் வரிசை பிடித்துப் போகின்றன. சாலையைப் போலவே போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று வரைபடத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த கோடு கிழக்கே 67 கடல் மைல், தென்கிழக்கு மூலையில் இருக்கும் பாறைத்திட்டுகளுக்கு வெளிப்புறமாக. ஆங்கிலேயர் காலத்துக் கலங்கரை விளக்கம் நிற்கும் அந்தப் பாறைக்குச் சிங்களத்தில் ராவணன் கோட்டை என்று பேர். ராமர் பாலம் ஒரு பக்கம் மறிக்க, ராவணன் கோட்டை மறுபக்கம் விலகிப் போகச் சொல்கிறது. நம் கடலில் கப்பல் ஓட்டுபவனுக்கு ராமாயணம் முடிந்தபாடில்லை. பிறகு கிழக்குக் கரையோரமாகத் திருகோணமலைக்கு வெளியே வரை 166. கடைசியில் அங்கிருந்து சென்னைக்கு ஒரே நீளக் கோடு, 278.

எல்லாம் கூட்டினால் 740 கடல் மைல். கரையைவிட்டு எவ்வளவு விலகிப் போகிறோம் என்பதைப் பொறுத்துப் பத்து, இருபது மைல் கூடலாம், குறையலாம். கிலோமீட்டரில் 1,370. பஸ் போகும் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அடுத்தது வேகம். கப்பலின் வேகத்தை நாட் என்பார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். நாட் என்றால் முடிச்சு. பாய்மரக் காலத்தில் நிஜமாகவே முடிச்சு போட்டுத்தான் அளந்தார்கள். நீண்ட கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. கயிற்றின் நுனியில் ஒரு மரத்துண்டு. அதைப் பின்பக்கமாகக் கடலில் வீசினால் மரத்துண்டு தண்ணீரில் நிற்கும், கப்பல் முன்னே நகரும், கயிறு உருளையிலிருந்து அவிழ்ந்து ஓடும். ஒருவன் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருப்பான். அதில் மணல் தீர 28 விநாடி. அதற்குள் கையை உரசிக்கொண்டு எத்தனை முடிச்சு ஓடியதோ அத்தனை நாட் வேகம். 28 விநாடியில் 47 அடி 3 அங்குலம் என்ற விகிதமும், ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் என்ற விகிதமும் ஒன்றுதான். நாட் என்ற சொல்லுக்குள்ளேயே மணி நேரம் இருக்கிறது. ஆகவே 'மணிக்கு 15 நாட் வேகத்தில்' என்று செய்தித்தாளில் வரும்போது அந்த 'மணிக்கு' சும்மா ஒட்டிக்கொண்டு வருகிறது. கிலோமீட்டரில் தோராயமாக அறிய, இரட்டித்துப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் போதும். 12 நாட் என்றால் 24, அதில் 2.4 போக மணிக்கு 21.6 கிலோமீட்டர். சரியான கணக்கு 22.2. ஊருக்குள் சைக்கிளை வேகமாக மிதிப்பவர் அந்தக் கப்பலோடு கொஞ்ச தூரம் ஓடிப் பார்க்கலாம்.

கடல் மைலும் நாட்டும் ஒன்றுக்கொன்று செய்து வைத்த ஜோடி. தூரத்தைக் கிலோமீட்டரில் வைத்துக்கொண்டு நாட்டால் வகுத்தால், 1,370ஐ 12ஆல் வகுத்து 114 மணி நேரம் என்று வரும். கிட்டத்தட்ட ஐந்து நாள்!

என் மச்சானின் கப்பல் ஓடியது 12 நாட்டில். 740ஐ 12ஆல் வகுத்தால் 61.67. கால்குலேட்டர் காட்டும் இந்த 61.67ஐ 61 மணி 67 நிமிடம் என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது மணியின் பின்னம், 0.67ஐ 60ஆல் பெருக்கினால் 40 நிமிடம். ஆக 61 மணி 40 நிமிடம், அதாவது இரண்டு நாள், 13 மணி, 40 நிமிடம். திங்கள் மாலை 6 மணியோடு கூட்டினால் வியாழன் காலை 7.40. அவன் அத்தையிடம் சொன்னது இதைத்தான்.

மாலுமிகள் மனக்கணக்குக்கு இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். வேகத்தை 24ஆல் பெருக்கினால் ஒருநாள் ஓட்டம். 12 நாட்டுக்கு 288. பத்து நாட்டுக்கு 240. நடுப்பகல் முதல் மறுநாள் நடுப்பகல் வரை எத்தனை மைல் ஓடியது என்று கப்பலில் எழுதி வைப்பார்கள். மிச்சத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் மிச்ச நாள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 145 கடல் மைல். இன்ஜின் வைத்த தோணி ஒன்று ஆறு நாட்டில் போனால் ஒருநாள் ஓட்டம் 144. வெற்றிலை போட்டுக்கொண்டே விரலை மடக்கிச் சொல்லிவிடலாம், நாளைக்கு இதே நேரம் கொழும்பு.

இதெல்லாம் காகிதத்தில். கடலுக்குத் தனி ஓட்டம் உண்டு.

கப்பலின் மேல்தளத்தில், சுக்கான் இருக்கும் அறையில், இரண்டு வேகங்கள் தெரியும். ஒன்று கப்பலின் அடிப்பாகத்தில் இருக்கும் கருவி சொல்வது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பது. பழைய மரத்துண்டு அளந்ததும் இதையே. இன்னொன்று ஜி.பி.எஸ் சொல்வது, பூமியின் மேல் எவ்வளவு வேகமாக நகர்கிறோம் என்பது. தண்ணீர் அசையாமல் நின்றால் இரண்டும் ஒன்று. தண்ணீரே ஓடினால் வேறு வேறு. எஸ்கலேட்டர் மேலே போக, அதில் கீழ்நோக்கி இறங்குபவரின் கதை. சென்னை போய்ச் சேருவதை முடிவு செய்வது இரண்டாவது வேகம்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து நீரோட்டம் எவ்வளவு என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

நம் பக்கத்துக் கடலில் நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசை மாறும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் இலங்கைக்குத் தெற்கே தண்ணீர் கிழக்கு நோக்கி ஓடுகிறது. வடகிழக்குப் பருவத்தில் மேற்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. தமிழகக் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டமும் அப்படித்தான். பங்குனி, சித்திரையில் வடக்கே போகும், ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கே இறங்கும். டிசம்பரில் தூத்துக்குடியிலிருந்து சென்னை போகிறவனுக்கு தெய்வேந்திரமுனை தாண்டியதும் எதிரோட்டம், கிழக்குக் கரையில் திரும்பியதும் மறுபடி எதிரோட்டம்.

கணக்காகவே பார்ப்போம். தெய்வேந்திரமுனையிலிருந்து சென்னை வரை 511 கடல் மைல். சராசரியாக ஒன்றரை நாட் எதிரோட்டம் என்று வைத்தால், இன்ஜின் 12 நாட்டுக்குச் சுற்றினாலும் நகர்வது பத்தரை. அந்த 511 மைலுக்கு 42 மணி 35 நிமிடம் ஆக வேண்டியது, 48 மணி 40 நிமிடம் ஆகும். ஆறு மணி நேரம் நஷ்டம். அதே ஓட்டம் சித்திரையில் பின்னாலிருந்து தள்ளினால் வேகம் பதிமூன்றரை, லாபம் நாலே முக்கால் மணி நேரம். ஓட்டம் ஒன்றுதான், ஆனால் தடுக்கும்போது பிடுங்குவது தள்ளும்போது கொடுப்பதைவிட அதிகம். எதிரோட்டத்தில் மெதுவாகப் போவதால் அந்த ஓட்டத்துக்குள் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், அதனால் வரும் வினை. போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துவிடலாம் என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

அப்படியானால் இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக முடுக்கினால் என்ன என்று கேட்கலாம். அந்தக் கப்பலால் 14 நாட் போக முடியும். போனால் 740 மைலுக்கு 52 மணி 50 நிமிடம், ஒன்பது மணி நேரம் மிச்சம். ஆனால் கப்பலின் எரிபொருள் செலவு வேகத்தோடு சேர்ந்து நேராக ஏறுவதில்லை. மணிக்கு எரியும் எண்ணெய் ஏறக்குறைய வேகத்தின் கனத்தின்படி ஏறும். 14லிருந்து 12க்கு இறங்கினால் ஒரு மணி நேரச் செலவு 63 சதவீதமாகிறது. கூடுதல் நேரம் ஓடுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் பயணம் முழுவதற்கும் சுமார் கால்பங்கு எண்ணெய் மிச்சம். ஒன்பது மணி நேரத்துக்காக அந்தக் கால்பங்கைக் கொடுக்கக் கப்பல் முதலாளிகள் லேசில் சம்மதிப்பதில்லை. சேரும் துறைமுகத்தில் இடம் காலியில்லை என்றால் சீக்கிரம் போய் என்ன லாபம்? நங்கூரம் போட்டுச் சும்மா நிற்பதற்காக எண்ணெயை எரித்த கதையாகும்.

கணக்கில் வேகம் எப்படி விளையாடும் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் உண்டு. இந்தச் சுற்றைத் தவிர்க்கத்தான் 2005இல் சேது சமுத்திரக் கால்வாய் வேலையைத் தொடங்கினார்கள். அதைச் சுற்றி நடந்த அரசியலும் சுற்றுச்சூழல் வாதங்களும் எல்லோரும் அறிந்தவை. நான் எடுத்துக்கொள்வது இரண்டு எண்களை மட்டும். 424 கடல் மைல் வரை தூரம் மிச்சம், 30 மணி நேரம் வரை நேரம் மிச்சம் என்றார்கள். என் 740இல் 424 போனால் கால்வாய் வழி 316. மணல்திட்டுகளைத் தோண்டித் தடம் போட்டால் அந்த வழி ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். தூரத்தில் எனக்குச் சண்டையில்லை.

424ஐ 30ஆல் வகுத்தால் 14 நாட். அப்படியானால் கால்வாய்க்குள்ளும் கப்பல் 14 நாட்டிலேயே ஓட வேண்டும். 167 கிலோமீட்டர், அதாவது 90 கடல் மைல் நீளமுள்ள ஆழமில்லாத தடத்தில் எந்தக் கேப்டனும் அப்படி ஓட்டமாட்டார். அடியில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது வேகமாகப் போனால் கப்பல் இன்னும் கீழே அமிழும், சுக்கானுக்கும் சரியாகக் கட்டுப்படாது. கால்வாய்க்குள் 8 நாட் என்று வைப்போம். 90 மைலுக்கு 11 மணி 15 நிமிடம். மிச்சம் 226 மைல் 14 நாட்டில் 16 மணி. வழிகாட்டும் பைலட்டை ஏற்றி இறக்க இரண்டு மணி. மொத்தம் இருபத்தொன்பது மணிக்கு மேல். சுற்று வழியோ 53. ஆக மிச்சம் 30 இல்லை, இருபத்துமூன்றரை. ஆனால் அதே கணக்கை 12 நாட் கப்பலுக்குப் போட்டுப் பாருங்கள், மிச்சம் 30க்கு மிக அருகில் வந்து நிற்கும். மெதுவான கப்பலுக்கு 30 சரி, வேகமான கப்பலுக்குத் தப்பு. ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு வரும் கப்பல் தூத்துக்குடி வரை ஏறி வந்து திரும்புவதில்லை என்பதால் அதற்கு மிச்சமாகும் தூரமே குறைவு. எந்தக் கப்பல், எந்த வேகம், எங்கிருந்து எங்கே என்று சொல்லாமல் 'இத்தனை மணி நேரம் மிச்சம்' என்று யார் சொன்னாலும் நான் பேனாவை எடுத்துவிடுவேன்.

மச்சானின் கப்பல் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்குத் தெய்வேந்திரமுனையைச் சரியாகத் தாண்டியது. 229 மைல், 12 நாட், 19 மணி, கணக்கு பிசகவில்லை. அன்று ராத்திரியே ஒரு கருவி 12.1 என்றும் ஜி.பி.எஸ் 10.6 என்றும் காட்டத் தொடங்கிவிட்டன. புதன்கிழமை நடுப்பகலில் மிச்சத் தூரத்தைப் பத்தரையால் வகுத்து, வந்து சேரும் நேரத்தை வியாழன் பிற்பகல் ஒன்றே முக்கால் என்று மாற்றி எழுதிச் சென்னைக்குத் தகவல் கொடுத்தான்.

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாகவே வந்தும் விட்டான். கைப்பேசியில் சிக்னல் கிடைத்ததும் அத்தைக்குப் போன். "வந்துட்டேம்மா, பில்டிங் எல்லாம் தெரியுது." அத்தை குழம்பைச் சுட வைத்தாள். ஆனால் முன்னால் வந்த கப்பல் மழையால் சரக்கை இறக்கி முடிக்கவில்லை, இடம் காலியில்லை. நங்கூரம் போட்டு நின்ற இடத்திலிருந்து துறைமுக வாசல் நான்கு கடல் மைல். 12 நாட்டில் 20 நிமிடம். அவன் கரையில் கால் வைத்தது சனிக்கிழமை மதியம், அத்தை இரண்டாவது தடவை வைத்த குழம்புக்கு.